திருத்திய படத்தில் வட்டம் ஏன் முட்டையானது?

அக்கா மகளுக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் டியூஷன் போகவில்லை. பத்தாம் வகுப்பு, அதிலும் வடிவியல் நடக்கும் நேரம். அவளுடைய தோழி முதல் பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காருபவள். தினமும் வகுப்பு முடிந்ததும் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வெள்ளைப் பலகையைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். மொத்தம் 31 படங்கள். எல்லாவற்றிலும் பலகையின் இடப்பக்கம் பெரிதாகவும் வலப்பக்கம் சுருங்கியும் இருந்தது. நிமிர்த்தி, ஓரம் வெட்டி, தாளில் அச்சடித்துத் தரும் வேலை எனக்கு வந்தது.

முதலில் தொலைபேசியிலேயே இருக்கும் ஸ்கேன் வசதியை முயன்றேன். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பலகை என்பதால் அது ஓரத்தைத் தவறாகப் பிடித்தது. ஒரு படத்தில் பலகைக்குப் பதிலாகப் பக்கத்து ஜன்னலை நிமிர்த்திக் கொடுத்தது. சரி, நான்கு மூலைகளையும் நானே குறித்துக்கொடுத்துவிடலாம் என்று பைத்தானும் அதில் படங்களைக் கையாள உதவும் ஓப்பன்சிவி நிரலகமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கே பலரும் ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தை வெறுமனே சாய்த்தோ இழுத்தோ சரிசெய்ய முடியாது. ஏழாம் எண் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். 4000க்கு 3000 பிக்சல். பலகையின் மூலைகள், இடது மேலிருந்து கடிகாரச் சுற்றில், (1031, 528), (2632, 1051), (2675, 2177), (926, 2264). எதிரெதிர் மூலைகளைக் கோட்டால் இணைத்தால் இரண்டு கோடுகளும் (2000, 1500) அருகே வெட்டிக்கொள்கின்றன. பலகையின் உண்மையான நடுப்புள்ளி அதுதான். அந்த உயரத்தில் பலகையின் இடது பாதி சுமார் 1020 பிக்சல் அகலத்தையும், வலது பாதி வெறும் 650 பிக்சல் அகலத்தையும் பிடித்திருக்கிறது. தொலைவில் இருப்பது உயரத்தில் மட்டுமல்ல, அகலத்திலும் சுருங்குகிறது. அதுவும் ஒரே சீராக இல்லாமல், போகப்போக அதிகமாக. இந்தச் சீரற்ற சுருக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் பெர்ஸ்பெக்டிவ் திருத்தம். அதற்கு எட்டு எண்கள் தெரிய வேண்டும். நான்கு மூலைகள், மூலைக்கு இரண்டு ஆயத்தொலைவுகள் என்று கணக்கு சரியாக நிறைந்துவிடுகிறது. மூன்று மூலை போதாது, ஐந்தாவது தேவையில்லை.

```python
import cv2, numpy as np
img = cv2.imread("palagai07.jpg")
p = np.float32([[1031,528],[2632,1051],[2675,2177],[926,2264]])
W, H = 1751, 1739
q = np.float32([[0,0],[W,0],[W,H],[0,H]])
M = cv2.getPerspectiveTransform(p, q)
cv2.imwrite("out.png", cv2.warpPerspective(img, M, (W, H)))
```

வெளியீட்டின் அளவே `W`, `H` என்பதால் வெட்டும் வேலையும் இதிலேயே முடிந்துவிடுகிறது. மூலைகளின் வரிசை மட்டும் இரண்டு பட்டியலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூலை இடம் மாறினால் படம் முறுக்கிய துண்டு போல வரும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். உடனே தெரியாத பிழை `W`, `H` என்ற இரண்டு எண்களில் ஒளிந்திருந்தது.

அந்த எண்களை நான் எங்கிருந்து எடுத்தேன்? இணையத்தில் எங்கும் புழங்கும் செய்முறை ஒன்று உண்டு. மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டின் நீளத்தையும் படத்தில் அளந்து, பெரியதை அகலமாக வை. இடது, வலது விளிம்புகளில் பெரியதை உயரமாக வை. ஏழாம் படத்தில் மேல் விளிம்பு 1684, கீழ் விளிம்பு 1751, இடது 1739, வலது 1127. ஆக 1751க்கு 1739. ஓட்டினேன். விளிம்புகள் நூல் பிடித்தாற்போல் நேராக, மூலைகள் செங்கோணமாக, எழுத்து தெளிவாக வந்தது. மகிழ்ச்சியோடு அச்சடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் அவள் கேட்டாள்: "மாமா, சார் வரைந்தது வட்டம்தானே? இது முட்டை மாதிரி இருக்கிறது. தொடுகோட்டுக்கும் ஆரத்துக்கும் நடுவில் 90 பாகை இருக்க வேண்டும். பாகைமானியை வைத்தால் 112 வருகிறது."

சார் கையால் வரைந்திருப்பார், கொஞ்சம் கோணலாகியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சார் எப்போதும் பெரிய மரக் காம்பஸ் வைத்துத்தான் வரைவார் என்றாள். வட்டத்தை அளந்து பார்த்தேன். அகலம் 292 பிக்சல், உயரம் 435. கை நடுக்கத்தில் இவ்வளவு வராது.

பிறகுதான் எழுத்துகளைப் பார்த்தேன். எல்லாமே ஒல்லியாகவும் நெட்டையாகவும் இருந்தன. கையெழுத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. சிலர் அப்படித்தான் எழுதுவார்கள் என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. வட்டம் மட்டும்தான் பொய் சொல்ல மறுத்தது.

காரணம் எளிது. படத்தில் தெரியும் விளிம்பின் நீளம் பலகையின் அளவை மட்டும் காட்டவில்லை. அது எவ்வளவு திரும்பியிருந்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. பக்கத்திலிருந்து பார்க்கும்போது மேல், கீழ் விளிம்புகள் இரண்டுமே குறுகித்தான் தெரியும். இரண்டில் பெரியதை எடுத்தாலும் குறுகியதில் ஒன்றைத்தான் எடுக்கிறோம். இடது விளிம்போ நமக்கு அருகில் இருக்கிறது, சுருங்கவும் இல்லை. அதனால் அகலம் குறைவாகவும் உயரம் அதிகமாகவும் கணக்கில் ஏறி, நீளமான பலகை ஏறக்குறைய சதுரமாகிவிட்டது. சராசரி எடுத்தாலும் தப்பவில்லை: 1717க்கு 1433, அதாவது 1.2. நேர் எதிரே நின்று எடுத்த படத்துக்கு இந்தச் செய்முறை போதும். கோணம் கூடக் கூட அது ஏமாற்றும். நான்கு மூலையும் ஒரு செவ்வகத்தில் அழகாகப் பொருந்தியதால், எந்தச் செவ்வகம் என்று நான் கேட்கவே இல்லை.

அவளை விட்டுத் தோழியிடம் கேட்கச் சொன்னேன். தோழி மறுநாள் பலகையை அளந்துவந்து சொன்னாள்: உள்விளிம்பு 180 சென்டிமீட்டருக்கு 120. கடைகளில் ஆறுக்கு நான்கு அடி என்று விற்கும் சாதாரணப் பலகைதான். விகிதம் 1.5. நான் கொடுத்திருந்தது 1.007. வட்டம் நீண்டதும் அதே ஒன்றரை மடங்குதான். `W, H = 2400, 1600` என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். வட்டம் 401க்கு 398 வந்தது. மூன்று பிக்சல் வித்தியாசத்தை மார்க்கர் பேனாவின் தடிமனுக்கு எழுதிவிடலாம்.

2400 என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அருகில் இருக்கும் இடது ஓரத்தில் பலகையின் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மூலப்படத்தில் சுமார் 1.45 பிக்சல் கிடைத்திருக்கிறது. வலது ஓரத்தில் 0.6தான். 2400 அகலம் என்றால் எல்லா இடத்திலும் மில்லிமீட்டருக்கு 1.33. இடது ஓரத்தில் அதிகம் இழக்காமல் இருக்கும். வலது ஓரத்தில் இல்லாத விவரத்தை இரண்டு மடங்குக்கு மேல் இழுத்து நிரப்புகிறது. இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கோடு அங்கே மூலத்தில் ஒரு பிக்சல் சொச்சம்தான். ஆகவே வலது ஓரத்து அடுக்கெண்கள் மங்கலாக இருப்பதற்குத் திருத்தம் காரணமில்லை. அளவை 4800 ஆக்கினாலும் மங்கல் பெரிதாகுமே தவிரத் தெளியாது. x²-ஆ x³-ஆ என்று தெரியாத இடங்களில் அடுத்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

மூலைகளைக் குறிப்பதிலும் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். பலகைச் சட்டத்தின் மூலைகளில் வட்டமான பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. எது மூலை என்று சுட்டி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து பிக்சல் மாறுகிறது. அதனால் மூலையைக் குறிப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு உள்விளிம்பிலும் நன்றாகத் தள்ளி இரண்டு புள்ளிகள் குறித்து, அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தை மூலையாக எடுத்துக்கொண்டேன். மூலை மறைந்திருக்கும் படங்களுக்கும் இது உதவியது. ஒன்றில் யாரோ ஒரு மாணவரின் தலை கீழ் மூலையை மறைத்திருந்தது.

இன்னொரு சிறு பழக்கம்: வெட்டும்போது சட்டத்தையும் 40 பிக்சல் சேர்த்தே வெட்டினேன். `q` புள்ளிகள் எல்லாவற்றுக்கும் 40 கூட்டி, வெளியீட்டு அளவுக்கு 80 கூட்டினால் போதும். சட்டம் தெரிந்தால் விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்வையிலேயே சோதிக்கலாம். இரண்டு படங்களில் மூலைகள் சரியாகப் பொருந்தியும் மேல் விளிம்பின் நடுப்பகுதி வில்லாக வளைந்திருந்தது. அவை 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸில் எடுத்தவை. பெர்ஸ்பெக்டிவ் திருத்தம் நேர்கோட்டை நேர்கோடாகவே வைத்திருக்கும். வளைவை வளைவாகவே விட்டுவிடும். எந்த நான்கு புள்ளியைக் கொடுத்தாலும் அந்த வில் நிமிராது. அதற்கு முன்னதாக லென்ஸின் வளைவைத் தனியே திருத்த வேண்டும். நான் அதில் இறங்கவில்லை. இனி சாதாரண லென்ஸில் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

பலகை முழுதாகத் தெரிந்த படங்கள் இப்படி முடிந்தன. மீதி ஐந்து படங்களில் பலகையின் ஒரு பகுதிதான் இருந்தது. தோழி பெரிதாக்குவதற்காக நெருங்கி எடுத்திருக்கிறாள். பலகையின் மூலைகள் இல்லை. நடுவே அளவுகோல் வைத்துப் போட்ட ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது. கட்டத்தின் நான்கு மூலையைப் பிடிக்கலாம். ஆனால் அதன் நீள அகல விகிதம் யாருக்குத் தெரியும்? சார் அதை எப்போதோ அழித்திருப்பார்.

இதற்கு வழி இருக்கிறது. கேமராவின் குவியத் தூரம் தெரிந்தால், நான்கு மூலைகளிலிருந்தே செவ்வகத்தின் விகிதத்தைக் கணக்கிட்டுவிடலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் செங்யூ ஜாங், லி-வெய் ஹெ இருவரும் வெள்ளைப் பலகைப் படங்களுக்கென்றே இதை எழுதியிருக்கிறார்கள். கருத்து இதுதான்: செவ்வகத்தின் எதிர்ப்பக்கங்கள் உண்மையில் இணையானவை, சமமானவை. அதை வைத்து ஒவ்வொரு மூலையும் முதல் மூலையைவிட எத்தனை மடங்கு தொலைவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஏழாம் படத்தில் வலது மேல் மூலை இடது மேல் மூலையைப் போல 1.53 மடங்கு ஆழத்தில் இருக்கிறது. இடது கீழ் மூலை 0.90 மடங்கு, தோழி உட்கார்ந்தபடி கேமராவைச் சற்று மேல்நோக்கிப் பிடித்ததால் கீழ் மூலைக்கு ஆழம் குறைவு. ஆழம் தெரிந்துவிட்டால் மூலைகள் வெளியில் எங்கே நிற்கின்றன என்பது தெரிந்துவிடும். பிறகு பக்கத்தை அளப்பது சாதாரணத் தூரக் கணக்கு.

குவியத் தூரம், படக் கோப்புக்குள் கேமராவே எழுதிவைக்கும் எக்சிஃப் விவரத்திலேயே இருக்கிறது. 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு ஒப்பிட்ட குவியத் தூரம் என்று ஒரு எண் வரும். இந்தத் தொலைபேசிக்கு அது 26. அந்தப் படச்சுருள் சட்டத்தின் மூலைவிட்டம் 43.27 மில்லிமீட்டர், நம் படத்தின் மூலைவிட்டம் 5000 பிக்சல். 26ஐ 5000ஆல் பெருக்கி 43.27ஆல் வகுத்தால் 3004 பிக்சல்.

```python
p = np.array([[1031,528],[2632,1051],[2675,2177],[926,2264]], float)
f, c = 3004, np.array([2000, 1500])
tl, tr, br, bl = np.c_[(p - c)/f, np.ones(4)]
a = np.cross(tl, br)
k2 = a @ bl / (np.cross(tr, br) @ bl)
k3 = a @ tr / (np.cross(bl, br) @ tr)
print(np.linalg.norm(k2*tr - tl) / np.linalg.norm(k3*bl - tl))
```

விடை தெரிந்த ஏழாம் படத்தில் முதலில் ஓட்டிப் பார்த்தேன். 1.50. பலகையை யாரும் அளக்காமலே வந்துவிட்டது. அந்த நிமிடம் எழுந்து ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

ஆனால் இது வேலை செய்யப் படம் கேமராவிலிருந்து வந்த நிலையிலேயே இருக்க வேண்டும். `c` என்பது லென்ஸ் நேராகப் பார்க்கும் புள்ளி. அதைப் படத்தின் மையம் என்று எடுத்துக்கொள்கிறோம். யாராவது ஓரத்தை வெட்டி அனுப்பியிருந்தால் மையம் வேறு எங்கோ போய்விட்டிருக்கும், விடையும் கெட்டுவிடும். அளவை மட்டும் சிறிதாக்கியிருந்தால் பரவாயில்லை. புதிய மூலைவிட்டத்தைப் போட்டால் `f`-உம் அதே விகிதத்தில் சிறிதாகிவிடும். செய்திச் செயலியில் படமாக அனுப்பியவற்றில் எக்சிஃப் விவரமே இல்லை. அதே தொலைபேசி, அதே லென்ஸ் என்பதால் 26ஐ நானே போட்டுக்கொண்டேன். பிறகு மூலக் கோப்புகளை ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்கினேன்.

குவியத் தூரத்தையும் நான்கு மூலைகளிலிருந்தே பிழிந்தெடுக்க ஒரு சூத்திரம் உண்டு. இரண்டு ஜோடி விளிம்புகளும் நன்றாகக் குவியும் படத்தில் மட்டும் அதை நம்பலாம். இந்தப் படத்தில் இடது, வலது விளிம்புகள் ஏறக்குறைய இணையாகத்தான் ஓடுகின்றன; அங்கே மூலையைக் குறிப்பதில் நாலைந்து பிக்சல் பிசகினாலும் விடை கணிசமாக விலகிவிடும். எக்சிஃப் எண் கையில் இருக்கும்போது அந்த வம்பு வேண்டாம்.

கட்டம் மட்டும் இருந்த படத்தில் கணக்கு 1.27 என்றது. நம்பலாமா என்று யோசித்துக்கொண்டே நிமிர்த்தினேன். நிமிர்த்திய பிறகுதான் அது ஒரு வரைபடத் தாள் போலப் போட்ட கட்டம் என்று கவனித்தேன்: குறுக்கே 10 சதுரம், நெடுக்கே 8 சதுரம். எண்ணியிருந்தால் 1.25 என்று ஒரு விநாடியில் தெரிந்திருக்கும். அரை மணி நேரக் கணக்குக்குப் பிறகு எண்ணினேன்.

இன்னொரு சின்னச் சிக்கலையும் எழுதிவைக்கிறேன், ஒரு மாலை முழுவதையும் தின்றது அது. தொலைபேசியை நெடுக்காகப் பிடித்து எடுத்த படங்களில் பிக்சல்கள் குறுக்காகவே சேமிக்கப்பட்டு, "திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் கோப்பில் இருக்கும். ஓப்பன்சிவியின் `imread` அந்தக் குறிப்பை மதித்துத் திருப்பிவிடுகிறது. நான் புள்ளிகளைப் படித்த பழைய படக்காட்டி மதிக்கவில்லை. புள்ளிகள் ஒரு உலகத்திலும் படம் இன்னொரு உலகத்திலும் இருந்தன. `img.shape` அச்சடித்துப் பார்த்து, அகலமும் உயரமும் காட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதை அதன்பின் வழக்கமாக்கிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் நிமிர்த்தி முடித்த பிறகு பின்னணி சாம்பலாக இருந்தது. மை வீணாகும். படத்தின் நன்றாக மங்கலாக்கிய பிரதி ஒன்றால் மூலத்தை வகுத்தால் வெளிச்ச ஏற்றத்தாழ்வு போய் வெள்ளை வெள்ளையாகிவிடுகிறது. மங்கலாக்குவதற்கு முன் `cv2.dilate` கொடுத்து எழுத்துகளை அழித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழும். இதை நிமிர்த்திய பிறகு செய்வதே நல்லது. தூரத்து எழுத்தும் கிட்டத்து எழுத்தும் அப்போதுதான் ஒரே அளவில் இருக்கும், ஒரே `dilate` அளவு இரண்டுக்கும் போதும்.

அம்மை இறங்கியதும் அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பக்கங்களைப் படம் எடுத்துச் சரிபார்க்கச் சொல்லி எனக்கே அனுப்பினாள். பலகைக்குச் செய்ததையே நோட்டுக்கும் செய்தேன். பக்கத்தின் வெளிப்பாதி சரியாக வந்தது, தையலை ஒட்டிய பகுதியில் எழுத்து நெருக்கிக்கொண்டு நின்றது. பலகை தட்டையானது, விரித்த நோட்டின் பக்கம் தையலருகே குழிந்து இறங்குகிறது. நான்கு புள்ளிக் கணக்குக்குத் தட்டையான பரப்பு மட்டும்தான் தெரியும். கோடு போட்ட நோட்டில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: திருத்திய பிறகும் கோடுகள் தையல் பக்கம் வளைந்திருந்தால் பக்கம் குழிந்திருக்கிறது என்று பொருள்.

நோட்டுக்கு இரண்டு மாற்றம் செய்தேன். மடங்கிப்போன தாள் மூலைகளை விட்டுவிட்டு, மேலே இரண்டாம் கோடும் கீழே கடைசிக் கோடும் சிவப்பு ஓரக் கோட்டை வெட்டும் இடங்களை இடது மூலைகளாக எடுத்தேன். வலப்பக்கம் தாள் விளிம்பு அதே கோடுகளைச் சந்திக்கும் இடங்கள். ஓரக் கோட்டிலிருந்து தாள் விளிம்பு வரையும், அந்த இரண்டு கோடுகளுக்கு இடையிலும் அளவுகோலால் ஒருமுறை அளந்துகொண்டேன். ஒரே நோட்டு என்பதால் எல்லா வலப்பக்கங்களுக்கும் அந்த அளவே போதும். குழிவுக்கு, பழைய போட்டோச் சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடியைப் பக்கத்தின் மேல் வைத்து அழுத்திப் படம் எடுக்கச் சொன்னேன். கோடுகள் நேராகிவிட்டன.

கண்ணாடியில் டியூப் லைட் பளிச்சென்று விழுந்தது மட்டும் புதுத் தொல்லை. ஒளி விழுந்த இடத்தில் பிக்சல் முழு வெள்ளை; அடியில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு அங்கே எந்தத் தடயமும் இல்லை. பக்கவாட்டில் நகர்ந்து, சாய்வாக எடுக்கச் சொன்னேன். வகுப்பிலும் நேர் எதிரே நின்றால் பலகையில் விளக்கு விழுகிறது, அதனால்தான் இடது ஓரத்திலிருந்தே எடுத்தேன் என்று தோழி அப்போதுதான் சொன்னாள். அவளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது நான்தான். அப்படியும் ஒரு பலகைப் படத்தில் தொடுகோட்டுத் தேற்றத்தின் கடைசி இரண்டு வரிகள் வெளிச்சத்தில் போயிருந்தன. அவற்றை மட்டும் அக்கா மகள் தோழியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டாள்.